உணவுத் துண்டு எப்படிப் பெருத்தது? முப்பரிமாண வரைபடமா, தட்டைப் படமா

எங்கள் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் வழக்கம்போல் சமூக மன்றத்தின் இரண்டாம் மாடி அறையில் நடந்தது. வரவு செலவு பக்கம் திரையில் வந்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். "பிள்ளைங்க படிப்பைவிடச் சாப்பாட்டுக்கா அதிகம் செலவு செஞ்சிருக்கீங்க?" என்று கேட்டார். பொருளாளர் அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. கையிலிருந்த கணக்கில் துணைப்பாட வகுப்புக்கு 10,400 வெள்ளி, உணவுக்கு 8,000 வெள்ளி. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

திரையைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் பெரியவர் கேட்டதில் தப்பில்லை என்று தெரிந்தது. அது ஒரு முப்பரிமாண வட்டப்படம். பளபளவென்று, கேக் மாதிரி, பக்கவாட்டுச் சுவரோடு இருந்தது. முன்னால், நடு மையத்தில், ஆரஞ்சு நிறத்தில் உணவுத் துண்டு. துணைப்பாட வகுப்பு இடப்பக்கம் ஒடுங்கிக் கிடந்தது. விழுக்காட்டு எண்கள் சிறிய எழுத்தில் இருந்ததால் பின் வரிசைக்கு எட்டவில்லை. எட்டியது படம் மட்டும்தான். படம் சொன்னது வேறு கதை.

அந்த அறிக்கையின் வரைபடங்களைப் போட்டுக் கொடுத்தவன் நான். அதனால் அடுத்த ஆண்டுக்கு என்ன செய்வது என்று முடிவெடுக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. அப்படியே விடுவதா, 3டியையே கொஞ்சம் சரிக்கட்டுவதா, தட்டையான வட்டமா, பட்டைப்படமா, இல்லை வெறும் அட்டவணையா? ஒவ்வொன்றையும் எங்கள் கணக்கை வைத்தே போட்டுப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. மொத்தச் செலவு 40,000 வெள்ளி. பேரேட்டில் இருந்த வரிசையிலேயே எக்செலில் ஏற்றியிருந்தேன்: விழா ஏற்பாடு 9,200, மண்டப வாடகை 6,800, உணவு 8,000, துணைப்பாட வகுப்பு 10,400, அச்சும் நிர்வாகமும் 5,600. விழுக்காட்டில் சொன்னால் 23, 17, 20, 26, 14. யாரையும் ஏமாற்ற இந்த வரிசையைத் தேர்ந்தெடுக்கவில்லை. வட்டப்படம் 12 மணி முள் நிற்கும் இடத்தில் தொடங்கி வலப்பக்கமாகச் சுற்றிவரும். விழாவும் வாடகையும் சேர்ந்து 40 விழுக்காட்டைத் தாண்டியதும் உணவு தொடங்கி 60-இல் முடிந்தது. அதாவது சரியாக 6 மணி இடத்தில், பார்ப்பவரின் மூக்குக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகு வந்த துணைப்பாடம் 9 மணிப் பக்கம் போனது.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மகளின் பென்சில் பெட்டியிலிருந்து பாகைமானியை எடுத்தேன். அச்சிட்ட பக்கத்தில், துண்டுகள் சந்திக்கும் புள்ளியில் அதை வைத்தேன். உணவு 20 விழுக்காடு என்றால் 72 பாகை இருக்க வேண்டும். தாளில் கிட்டத்தட்ட 111 பாகை காட்டியது. முழு வட்டத்தில் அது 31 விழுக்காடு. துணைப்பாடம் 26 விழுக்காடு, ஏறக்குறைய 94 பாகை இருக்க வேண்டும். காட்டியது 57. அதாவது 16 விழுக்காடு. இன்னொரு கூத்தும் இருந்தது. மேல் இடது மூலையில் கிடந்த 14 விழுக்காட்டு நிர்வாகச் செலவுகூட 19 விழுக்காடு போல விரிந்து, துணைப்பாடத்தை முந்தியிருந்தது. ஐந்து துண்டுகளில் ஆகப் பெரியது நாலாவது இடத்துக்குப் போய்விட்டது.

| செலவு | உண்மை (%) | தாளில் தெரியும் கோணப்படி (%) |
|---|---|---|
| விழா ஏற்பாடு | 23 | 24 |
| மண்டப வாடகை | 17 | 11 |
| உணவு | 20 | 31 |
| துணைப்பாட வகுப்பு | 26 | 16 |
| அச்சும் நிர்வாகமும் | 14 | 19 |

இது எப்படி நடக்கிறது என்பதற்குப் பெரிய கணிதம் வேண்டாம். கோப்பிக்கடையில் உட்கார்ந்துகொண்டு மேசையில் இருக்கும் தட்டைப் பாருங்கள். தட்டு வட்டம்தான். ஆனால் உங்கள் கண்ணுக்குப் படுவது நீள்வட்டம். இடமிருந்து வலம் அகலம் அப்படியே இருக்கும், முன்னிருந்து பின் மட்டும் சப்பையாகிவிடும். எக்செலின் 3டி வட்டப்படமும் இதைத்தான் செய்கிறது. அதன் `3-D Rotation` பெட்டியில் `Y Rotation` என்ற இடத்தில் 30 என்று இருக்கும். கிடையாக வைத்த தட்டை 30 பாகை உயரத்திலிருந்து பார்க்கிறோம் என்று அர்த்தம். 30 பாகையின் சைன் மதிப்பு 0.5. ஆகவே 10 சென்டிமீட்டர் அகலமான வட்டம் 5 சென்டிமீட்டர் உயரமாகச் சுருங்கும்.

அந்தச் சுருக்கம் எல்லாத் துண்டுகளையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. முன்னாலும் பின்னாலும் இருக்கும் துண்டுகளுக்கு நீளம் குறைகிறது. அதனால் கூம்பு அமுங்கி விரிந்து கோணம் அகலமாகிறது. இடமும் வலமும் இருக்கும் துண்டுகளுக்கு நீளம் அப்படியே இருக்க, விரிவு மட்டும் பாதியாகிறது. கோணம் ஒடுங்குகிறது. ஒரே 20 விழுக்காட்டுத் துண்டை 6 மணி இடத்தில் வைத்தால் 31 போலவும், 3 மணி இடத்தில் வைத்தால் 11 போலவும் தெரியும். கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம், அதுவும் ஒரு காசுகூட மாறாமல். நம்பிக்கை இல்லையென்றால் எக்செலில் ஒரு கட்டத்தில் இதைத் தட்டிப் பாருங்கள்:

```
=2*DEGREES(ATAN(TAN(RADIANS(36))/SIN(RADIANS(30))))
```

72 பாகையின் பாதி 36. சரியாக முன்னால் இருக்கும் துண்டுக்கு விடை 110.9 வரும். நடுவில் இருக்கும் `/` குறியை `*` ஆக்கினால் பக்கவாட்டுத் துண்டுக்கான விடை, 39.9.

இங்கே நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். கோணம் கெட்டாலும், மேல்பரப்பின் பரப்பளவுப் பங்கு இந்தச் சப்பையாக்கலில் கெடுவதில்லை. எல்லாத் துண்டுகளும் ஒரே விகிதத்தில் பாதியாகின்றன. "கண் பரப்பளவைத்தானே பார்க்கிறது, அப்புறம் என்ன?" என்று ஒருவர் வாதாடலாம். நானும் கொஞ்ச நேரம் அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் கேக்குக்குச் சுவர் இருக்கிறதே! அந்தச் சுவர் முன்பக்கத்துத் துண்டுகளுக்கு மட்டும்தான் தெரியும். சுவரின் உயரம் ஆரத்தில் கால் பங்கு என்று வைத்துக் கணக்குப் போட்டேன். உணவுத் துண்டுக்கு மேல்பரப்பு எவ்வளவோ ஏறக்குறைய அதே அளவு ஆரஞ்சு நிறம் சுவரிலும் சேர்கிறது. தாளில் விழுந்த மொத்த நிறத்தில் உணவின் பங்கு 29 விழுக்காடு. துணைப்பாடத்துக்குச் சுவரின் ஒரு சிறு பகுதிதான் கிடைக்கிறது. அதன் பங்கு 25. ஆக, கோணத்தைப் பார்ப்பவருக்கும் உணவுதான் பெரிது, நிறத்தைப் பார்ப்பவருக்கும் உணவுதான் பெரிது. பெரியவர் எப்படிப் பார்த்திருந்தாலும் அந்தக் கேள்வியைத்தான் கேட்டிருப்பார்.

இதற்கும் மேல் `Perspective` என்று ஒன்று இருக்கிறது. அருகில் இருப்பதைப் பெரிதாகவும் தூரத்தில் இருப்பதைச் சிறிதாகவும் காட்டும் அமைப்பு. அதைக் கூட்டினால் மேல்பரப்பின் பங்கும் கெட ஆரம்பிக்கும். என் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் முன்துண்டு இன்னும் பெருக்குமே தவிரக் குறையாது.

சின்ன சங்கத்துக்கு மட்டும் வரும் சங்கடம் இல்லை இது. 2008 ஜனவரியில் மேக்வேர்ல்ட் மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் அமெரிக்க ஸ்மார்ட்ஃபோன் சந்தைப் பங்கை இப்படியொரு சாய்ந்த வட்டப்படத்தில் காட்டினார். ஆப்பிளின் 19.5 விழுக்காடு முன்னால் பச்சையாக நின்றது. "மற்றவை" என்ற 21.2 விழுக்காடு பின்னால் இருந்தது. பார்த்தவர்களுக்கு 19.5தான் பெரிதாகத் தெரிந்தது. எண்கள் படத்திலேயே இருந்தன, பொய் எதுவும் இல்லை. ஆனாலும் வரைபடம் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றுவரை அதை உதாரணம் காட்டுகிறார்கள்.

சரி, இனி தெரிவுகள்.

முதல் தெரிவு, 3டியையே வைத்துக்கொண்டு சரிக்கட்டுவது. எங்கள் தலைவர் ஐயாவின் விருப்பம் இதுதான். "தட்டையா போட்டா சப்புன்னு இருக்கும்பா. நன்கொடை கொடுக்கிறவங்க பார்க்கிற பக்கம் அது" என்றார். அவர் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று வழிகளில் முயன்று பார்த்தேன்.

ஒன்று, படத்தைச் சுழற்றித் துணைப்பாடத்தை முன்னால் கொண்டுவருவது. வந்தது. ஆனால் இப்போது அது இருப்பதைவிடப் பெரிதாகி, வேறொன்று ஓரத்தில் நசுங்கியது. யார் முன் இருக்கையில் உட்காருவது என்பதுதான் மாறியது. அதோடு, நமக்குப் பிடித்த செலவை முன்னால் வைத்துப் பெரிதாக்குவது முன்பு தெரியாமல் செய்த தவற்றைத் தெரிந்தே செய்வதாகிவிடும். இரண்டு, எண்களைப் பெரிய எழுத்தில் துண்டின் மேலேயே போடுவது. இப்போது 26 என்று எழுதிய துண்டு 20 என்று எழுதிய துண்டைவிடச் சிறிதாகத் தெரிந்தது. எண்ணும் படமும் சண்டை போடும்போது பார்ப்பவர் எண்ணை நம்புவார் என்று வைத்துக்கொண்டாலும், அப்புறம் படம் எதற்கு? மூன்று, சாய்வைக் குறைப்பது. `Y Rotation` மதிப்பைக் கூட்டக் கூட்ட நாம் நேர் மேலிருந்து பார்ப்பது போல ஆகி வட்டம் வட்டமாகிறது, கோணங்கள் சரியாகின்றன, சுவர் மறைகிறது. 90-ஐத் தொட்டால் அது தட்டையான வட்டப்படமேதான். 3டியை முழுசாகச் சரிசெய்தால் 3டி காணாமல் போய்விடுகிறது. இதைத் தலைவர் ஐயாவிடம் லேப்டாப்பில் நகர்த்திக் காட்டினேன். நான் வாயால் சொன்ன எல்லாவற்றையும்விட அந்த ஒரு நகர்த்தல்தான் வேலை செய்தது.

துண்டைப் பிய்த்து வெளியே தள்ளி வைக்கும் வகையைப் பற்றிப் பேசவே வேண்டாம். தள்ளி வைத்த துண்டுக்குக் கூடுதல் சுவர் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்து, அதே அறிக்கையில் இருந்த 3டி பட்டைப்படம். துணைப்பாட வகுப்பில் சேர்ந்த மாணவர் எண்ணிக்கை, நான்கு ஆண்டுகளுக்கு: 46, 58, 71, 80. இதில் நடக்கும் கோளாறு வேறு வகை. பின்சுவரில் 20, 40, 60, 80, 100 என்று கோடுகள் இருக்கின்றன. தூண்கள் அந்தச் சுவரை ஒட்டி நிற்கவில்லை. கொஞ்சம் முன்னால் தள்ளி, தரையின் நடுவில் நிற்கின்றன. மேலிருந்து பார்ப்பதால் முன்னால் இருக்கும் பொருள் தாளில் கீழே இறங்கித் தெரியும். விளைவு, 80 மாணவர் தூணின் முன்முகம் 80 கோட்டைத் தொடவே இல்லை. அளவுகோலைக் கிடையாக வைத்துப் பார்த்தபோது 74 அருகே முடிந்தது. அறிக்கையைப் படித்த ஒரு தொண்டூழியர், "80 பிள்ளைங்கன்னு எழுதியிருக்கு, படத்துல 75கூட வரலையே அண்ணே" என்று கேட்டார். எழுத்துப்பிழை என்று நினைத்திருக்கிறார்.

ஆனால் வட்டப்படத்தோடு ஒப்பிட்டால் இது அவ்வளவு மோசமில்லை என்பது என் கருத்து. தூணின் தலை எவ்வளவு இறங்கியதோ அதன் அடியும் அதே அளவு இறங்கியிருக்கிறது. பின்சுவரின் 0 கோட்டுக்குக் கீழேதான் தூண் தொடங்குகிறது. `Right Angle Axes` என்பதில் குறி இருக்கும்வரை முன்முகங்களின் நீளங்கள் ஒன்றுக்கொன்று சரியான விகிதத்தில்தான் இருக்கும். கோட்டைப் பார்த்து மதிப்பைப் படிப்பதுதான் தவறாகிறது. அந்தக் குறியை எடுத்துவிட்டால் தூரப் பார்வையும் சேர்ந்து, ஓரத்தில் இருக்கும் தூணும் நடுவில் இருக்கும் தூணும் வேறு வேறு அளவில் வரைபட ஆரம்பிக்கின்றன. அப்போது விகிதமும் போச்சு. `Gap Depth` மதிப்பை 0 ஆக்கினால் தூண்கள் சுவரை ஒட்டிக்கொள்ளும். தூணின் பின்விளிம்பு கோட்டோடு பொருந்தும். ஆனால் பார்ப்பவர் எத்தனை பேர் பின்விளிம்பைத் தேடிப் பார்ப்பார்கள்? எல்லாரும் பார்ப்பது முன்முகத்தைத்தான்.

3டி பட்டைப்படம் மொத்தமாகக் கைவிட்டுப் போவது, இரண்டு மூன்று வரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஆழத்தில் அடுக்கும்போது. ஈசூன் வகுப்பு முன்னால், உட்லண்ட்ஸ் வகுப்பு பின்னால் என்று அடுக்கியிருந்தேன். முன்னால் உயரமான தூண் வந்த ஆண்டில் பின்னால் இருந்த தூண் தெரியவே இல்லை. அளவு கெடுவதாவது பரவாயில்லை, இங்கே தகவலே காணோம். வீவக புளோக்குகள் நெருக்கமாக இருக்கும் பேட்டையில் எதிர் புளோக் வந்ததும் ஜன்னல் காட்சி போவது போலத்தான். தூணுக்குப் பதில் கூம்பு, பிரமிடு போடும் வகையும் உண்டு. கூம்பின் மேல் பாதியில் மொத்தக் கன அளவில் எட்டில் ஒரு பங்குதான் இருக்கும். அடுக்குக் கூம்பில் மேல்தட்டில் மாட்டிக்கொள்ளும் எண்ணுக்குக் கெட்ட காலம்.

இரண்டாவது தெரிவு, தட்டையான வட்டப்படம். பெரும்பாலும் எல்லாரும் முதலில் இதற்குத்தான் வருகிறார்கள். எக்செலில் 3டியை விட்டுச் சாதா வட்டத்துக்கு மாற்றினால் வேலை முடிந்தது. கோணங்கள் உண்மையாகிவிட்டன: துணைப்பாடம் 94, விழா 83, உணவு 72 பாகை. பொய் போய்விட்டது. ஆனால் படிக்க முடிகிறதா? லேபிள்களை மறைத்துவிட்டு வீட்டில் மூவரிடம் காட்டினேன். எது பெரிது, துணைப்பாடமா விழாவா? மூவரும் தயங்கினார்கள். ஒருவர் மாற்றிச் சொன்னார். இரண்டு கோணங்கள் வேறு வேறு திசையில் திரும்பியிருக்கும்போது 11 பாகை வித்தியாசத்தைக் கண் எளிதில் பிடிப்பதில்லை. இது என் வீட்டுச் சோதனையில் மட்டும் தெரிந்த விஷயமில்லை. வில்லியம் கிளீவ்லாண்டும் ராபர்ட் மெக்கிலும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே அளவுகோலின் மேல் இருக்கும் இடத்தை ஒப்பிடுவதுதான் மனிதர்களுக்கு ஆகத் துல்லியமாக வருகிறது என்றார்கள். அதற்குப் பின்னால் நீளம், கோணம், பரப்பளவு, அதற்கும் பின்னால் கன அளவு என்று போகும் அந்த வரிசை. 3டி வட்டம் நம்மைக் கன அளவுப் பக்கம் தள்ளுகிறது. தட்டை வட்டம் கோணத்தில் நிறுத்துகிறது. பட்டை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருகிறது.

அதற்காக வட்டப்படத்தை ஒரேயடியாக ஒதுக்கவும் எனக்கு மனமில்லை. எங்கள் வருமானத்தில் இரண்டே வகைதான்: நன்கொடை முக்கால், உறுப்பினர் கட்டணம் கால். கால் வட்டம், அரை வட்டம் ஆகியவற்றைக் கண் சட்டென்று பிடித்துக்கொள்கிறது, ஏனென்றால் அவற்றின் ஓரங்கள் நேர்க்குத்தாகவும் கிடையாகவும் நிற்கின்றன. "வருமானத்தில் முக்கால்வாசி நன்கொடையை நம்பி இருக்கிறது" என்பதுதான் சொல்ல வேண்டிய சேதி என்றால், தட்டை வட்டம் அதைப் பட்டையைவிட நன்றாகவே சொல்லும். இரண்டு துண்டு, மிஞ்சினால் மூன்று. செலவுப் பக்கத்தில் இருப்பதுபோல ஐந்து நெருக்கமான எண்களுக்கு அது ஒத்துவராது.

மூன்றாவது தெரிவு, கிடைமட்டப் பட்டை, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கியது. கடைசியில் நாங்கள் தேர்ந்தெடுத்தது இதைத்தான். விழுக்காட்டுக்கு அரை சென்டிமீட்டர் என்று வைத்தால் துணைப்பாடம் 13 சென்டிமீட்டர், விழா 11.5, உணவு 10. எல்லாம் ஒரே இடது ஓரத்திலிருந்து புறப்படுவதால் ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம் பின் வரிசைக்கும் தெரியும். எது பெரிது என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை.

தமிழில் அறிக்கை போடுகிறவர்களுக்குக் கிடைமட்டப் பட்டையில் இன்னொரு லாபம் இருக்கிறது. நம் பெயர்கள் நீளமானவை. "துணைப்பாட வகுப்பு ஆசிரியர் சன்மானம்" என்று நின்ற தூணுக்குக் கீழே எழுத இடம் இருக்காது. எக்செல் உடனே எழுத்தைச் சாய்த்துவிடும். சாய்ந்த தமிழ் எழுத்தில் கொம்பும் துணைக்காலும் திரையில் கலங்கிப் போய், எது எது என்று பிரித்துப் படிக்க முடியாது. பட்டையைப் படுக்க வைத்தால் பெயர் இடப்பக்கம் ஒரே வரியில் நேராக நிற்கும்.

செய்வதும் பெரிய வேலை இல்லை. முதலில் தரவை எண்ணின்படி இறங்குவரிசையில் அடுக்குங்கள். படத்தின் மேல் வலச்சொடுக்கு, `Change Chart Type`, அதில் `Clustered Bar`. இப்போது ஒரு வேடிக்கை நடக்கும்: பெரியது அடியிலும் சிறியது மேலேயும் வரும். எக்செல் கிடைமட்டப் பட்டைகளைக் கீழிருந்து மேலாக அடுக்குவதால் அப்படி. பெயர்கள் இருக்கும் அச்சைச் சொடுக்கி `Categories in reverse order` என்பதில் குறி போட்டால் சரியாகிவிடும். எண் அச்சு மேலே தாவும். அதை அழித்துவிடலாம், ஏனென்றால் ஒவ்வொரு பட்டையின் முனையிலும் வெள்ளித் தொகையை லேபிளாகப் போடப்போகிறோம். `Gap Width` மதிப்பை 50 அருகே குறைத்தால் பட்டைகள் தடித்து, இடைவெளி சுருங்கும். கோடுகள், நிற விளக்கப் பெட்டி எதுவும் தேவையில்லை. நிறம் எல்லாவற்றுக்கும் சாம்பல், பேச வேண்டிய ஒன்றுக்கு மட்டும் அழுத்தமான நீலம். கறுப்பு வெள்ளையில் நகலெடுத்துக் கொடுத்தாலும் எதுவும் கெடாது. பழைய 3டி படத்தின் நகலில் துண்டுகளின் நிழலும் நிறமும் ஒரே சாம்பலாகி, எந்தத் துண்டு எது என்றே தெரியாமல் போயிருந்தது.

தட்டைப் பட்டையும் பொய் சொல்லும், அதையும் சொல்லிவிடுகிறேன். எண்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால், உதாரணமாக 90, 93, 96 என்றால், எக்செல் தானாகவே அச்சை 0-க்குப் பதில் நடுவில் எங்கிருந்தோ தொடங்கும். 96 மாணவர் இருந்த ஆண்டு 90 மாணவர் இருந்த ஆண்டைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாகத் தெரியும். பட்டையில் நீளம்தான் சேதி, ஆகவே அது 0-இலிருந்து தொடங்கியே ஆக வேண்டும். அச்சின் `Minimum` பெட்டியில் 0 என்று நீங்களே தட்டிவிடுங்கள். எண் அச்சை அழிக்கிறீர்கள் என்றால் அழிப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். அழித்த பிறகு எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்ப்பவருக்குத் தெரிய வழியில்லை. நெருக்கமான எண்களின் ஏற்ற இறக்கம்தான் முக்கியம் என்றால் பட்டையை விட்டுவிட்டுக் கோட்டுப்படம் போடலாம். மாணவர் எண்ணிக்கைக்கு நாங்கள் அதைத்தான் செய்தோம். ஈசூனுக்கு ஒரு கோடு, உட்லண்ட்ஸுக்கு ஒரு கோடு. ஒன்றை ஒன்று மறைக்கவில்லை. கோட்டின் வால்முனையிலேயே வகுப்பின் பெயரை எழுதிவிட்டோம்.

போன ஆண்டையும் இந்த ஆண்டையும் பக்கத்தில் வைக்க, நூறு விழுக்காட்டு அடுக்குப் பட்டை இரண்டு போடலாம் என்று பொருளாளர் அக்கா சொன்னார். போட்டுப் பார்த்தோம். இடது ஓரத்தில் இருக்கும் முதல் துண்டையும், வலது ஓரத்தில் முட்டும் கடைசித் துண்டையும் மட்டும் ஒழுங்காக ஒப்பிட முடிந்தது. நடுவில் இருப்பவை ஆண்டுக்கு ஆண்டு வேறு வேறு இடத்தில் தொடங்குவதால் ஏறியதா இறங்கியதா என்று குழம்பியது. ஒரே ஒரு செலவின் பங்கைக் காட்டத்தான் வேண்டும், அதையும் இடது ஓரத்தில் வைக்கலாம் என்றால் நல்ல தெரிவு. எங்களுக்கு ஐந்தும் வேண்டியிருந்ததால் விட்டுவிட்டோம்.

கடைசித் தெரிவு, படமே இல்லாமல் அட்டவணை. ஐந்தே எண்கள்தானே, அதுவே போதும் என்பது கணக்காய்வாளரின் கட்சி. அச்சிட்ட அறிக்கைக்கு அது நியாயம்தான், காசு வரைக்கும் சரிபார்க்க அட்டவணைதான் வேண்டும். ஆனால் திரையில், பன்னிரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு அட்டவணை வெறும் புள்ளிகள். அதனால் அறிக்கையில் பட்டையும் அதற்குக் கீழே அட்டவணையும், திரையில் பட்டை மட்டும் என்று பிரித்துக்கொண்டோம்.

அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் அதே பெரியவர் அதே வரிசையில் உட்கார்ந்திருந்தார். செலவுப் பக்கம் வந்ததும் எழுந்தார். எனக்கு ஒரு கணம் வயிற்றைக் கலக்கியது. "வாடகைக்கு ஏன் இவ்வளவு? புளோக் கீழ்த்தளத்துல நடத்தினா பாதி மிச்சமாகுமே" என்றார். பழைய படத்தில் 17 விழுக்காட்டு வாடகை வலது ஓரத்தில் 11 போல ஒடுங்கிக் கிடந்ததால், அதைப் பற்றி யாருமே வாயைத் திறந்ததில்லை. பொருளாளர் அக்கா குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

தலைவர் ஐயா கேட்ட பளபளப்பை அட்டைக்கு மாற்றிவிட்டோம். இந்த ஆண்டு அட்டையில் முப்பரிமாணத்தில் ஒரு பொங்கல் பானை, நிழல், மினுமினுப்பு எல்லாம் உண்டு. பானையில் எண் எதுவும் எழுதவில்லை.